"ஷுட் ஹேவ்" எப்படி "ஷுட் ஆஃப்" ஆனது, தெரியுமா?

ஆங்கிலத்தில் ஒரு விசித்திரமான பிழை இருக்கிறது. லண்டனிலோ சிகாகோவிலோ பிறந்து, வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழியே கேட்காமல் வளர்ந்தவர்கள்தான் அதைச் செய்வார்கள். சேலத்திலோ சிவகாசியிலோ தமிழ் வழியில் படித்து, ஆங்கிலத்தைப் புத்தகத்தில் கற்றுக்கொண்ட ஒருவரிடம் அந்தப் பிழையைப் பார்ப்பது அரிது. தாய்மொழிக்காரர் தடுக்கி விழும் இடத்தை, கற்றுக்கொண்டவர் சாதாரணமாகக் கடந்து போகிறார்! இப்படியும் நடக்குமா என்றால், நடக்கிறது. நான் சொல்வது "ஷுட் ஹேவ்" என்று எழுத வேண்டிய இடத்தில் "ஷுட் ஆஃப்" என்று எழுதும் பிழை. அதோடு சேர்ந்து "குட் ஹேவ்" என்பது "குட் ஆஃப்" ஆகும். "மஸ்ட் ஹேவ்" என்பது "மஸ்ட் ஆஃப்" ஆகும்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய சீட்டு, அலுவலக மேசையில் வைத்துவிட்டுப் போன துண்டுக் காகிதம், அவசரமாகத் தட்டிய குறுஞ்செய்தி என்று பேசுகிற வேகத்திலேயே எழுதும் இடங்களில்தான் இது அதிகம் தலைகாட்டும். காரணம் எழுதுபவரின் அறிவுக் குறைவு அல்ல. அவருடைய காது மிகச் சரியாக வேலை செய்வதுதான் காரணம்!

காது கேட்டது சரி, கை எழுதியதுதான் தவறு

நம் ஊர் வகுப்பறையில் "ஐ ஷுட் ஹேவ் கான்" என்று ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நிறுத்திச் சொல்லித்தருவார்கள். பிறவி ஆங்கிலக்காரர் யாரும் சாதாரணப் பேச்சில் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் வாயில் வருவது "ஐ ஷுடவ் கான்". "ஹேவ்" என்ற சொல்லில் முதலில் "ஹ" உதிர்கிறது. பிறகு "ஏ" சுருங்கி, வாயை அதிகம் திறக்காமல் சொல்லும் ஒரு மெல்லிய "அ" ஆகிறது. கடைசியில் மிஞ்சுவது "அவ்" மட்டும்.

இப்போது "ஆஃப்" என்ற சொல்லைப் பாருங்கள். நாம் அதை "ஃப்" என்று உச்சரிக்கிறோம். ஆனால் அதில் கடைசியாக நிற்கும் அந்த எஃப் என்ற எழுத்துக்கு ஆங்கிலக்காரர் வாயில் "வ்" ஒலி, தெரியுமா? எஃப் என்று எழுதி "வ்" என்று வாசிக்கும் அன்றாட ஆங்கிலச் சொல் இதைத் தவிர வேறு கிடைப்பது கடினம். அழுத்தம் இல்லாமல் சொல்லும்போது அதுவும் சுருங்கி "அவ்" ஆகிவிடும். "எ கப் ஆஃப் டீ" என்பதை அவர்கள் "எ கப்பவ் டீ" என்றுதான் சொல்வார்கள். ஆக, "ஹேவ்" தேய்ந்தாலும் "அவ்", "ஆஃப்" தேய்ந்தாலும் "அவ்". எழுத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்கள் ஒலியில் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்துவிட்டன!

பள்ளிக்கூடம் போகும் முன்பே "ஷுடவ்" என்று ஆயிரம் முறை கேட்டு வளர்ந்த குழந்தை, முதன்முதலாக அதை எழுத உட்காரும்போது என்ன செய்யும்? அந்த "அவ்" ஒலிக்கு அதற்குத் தெரிந்த எழுத்து வடிவத்தைத் தேடும். "கப்பவ்" என்பதில் வரும் "அவ்" நினைவுக்கு வரும். "ஆஃப்" என்று எழுதிவிடும். தர்க்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. நம் மாணவருக்கோ முதலில் வந்தது எழுத்து, பிறகுதான் ஒலி. அதோடு நாம் "ஆஃப்" என்பதை அழுத்தமான "ஃப்" ஒலியோடு சொல்லிப் பழகியதால், "ஹேவ்", "ஆஃப்" இரண்டும் நம் காதில் கலப்பதே இல்லை. நம்முடைய தவறான உச்சரிப்பே நம் எழுத்துப் பிழையைத் தடுக்கிறது!

தமிழிலும் பேச்சு இப்படித் தேயத்தான் செய்கிறது. "போயிருக்க வேண்டும்" என்பது "போயிருக்கணும்" ஆகிறது. "வேண்டும்" என்ற முழுச்சொல் "ணும்" ஆகக் கரைந்துவிட்டது. ஆனால் தமிழில் "ணும்" என்று தனியாக வேறு சொல் கிடையாது. அதனால் குழப்பத்துக்கும் இடமில்லை. ஆங்கிலத்தில் தேய்ந்த வடிவம் ஏற்கெனவே இருந்த இன்னொரு சொல்லின் மேல் போய் விழுந்துவிட்டது. சிக்கல் மொத்தமும் அவ்வளவுதான்.

எல்லா "ஹேவ்"-க்கும் இது நேர்வதில்லை, ஏன்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் வருகிறது. "ஐ ஹேவ் கான்" என்பதை "ஐ ஆஃப் கான்" என்று எந்த ஆங்கிலக்காரராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? "ஹேவ்" அங்கேயும் தேய்கிறதே, அங்கே ஏன் பிழை வரவில்லை?

"ஐ", "யூ", "வீ", "தே" ஆகிய சொற்கள் எல்லாமே உயிர் ஒலியில் முடிகின்றன. அவற்றோடு "ஹேவ்" சேரும்போது வெறும் "வ்" மட்டும் ஒட்டிக்கொண்டால் போதும்: "ஐவ்", "வீவ்", "தேவ்". நடுவில் "அ" தேவையே இல்லை. "ஷுட்", "குட்", "வுட்", "மஸ்ட்", "மைட்" ஆகியவையோ மெய் ஒலியில் முடிகின்றன. "ட்" என்ற அடைப்புக்குப் பிறகு "வ்" ஒலியை ஒட்டவைக்க ஒரு சின்ன "அ" வந்தே தீர வேண்டும்: "ஷுடவ்", "மஸ்டவ்". அந்தச் சின்ன "அ" வந்த உடனே அது "ஆஃப்" போல ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது! "இஃப் ஐ ஹேட்" என்பதற்குப் பின்னால் சிலர் "ஆஃப்" சேர்த்து எழுதுவதும் இதே கணக்குதான், "ஹேட்" முடிவதும் அடைப்பொலியில். மொழி தன் பிழைகளைக்கூட விதிப்படிதான் செய்கிறது.

"ஷுட்", "குட்", "மஸ்ட்" எல்லாமே ஏற்கெனவே இறந்தகாலம், தெரியுமா?

ஆம்! "ஷுட்" என்பது "ஷல்" என்ற வினையின் பழைய இறந்தகாலம். "வுட்" என்பது "வில்" என்பதன் இறந்தகாலம். "குட்" என்பது "கேன்" என்பதன் இறந்தகாலம். "மஸ்ட்" இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் "மோட்டன்" என்று ஒரு வினை இருந்தது. அனுமதி பெற்றிருத்தல் என்பது அதன் பொருள். அதன் இறந்தகால வடிவமான "மோஸ்ட்டே" மட்டும் தப்பிப் பிழைத்து இன்றைய "மஸ்ட்" ஆனது. மூல வினை செத்தே போய்விட்டது. அனுமதியைக் குறித்த சொல் நாளடைவில் கட்டாயத்தைக் குறிக்கும் சொல்லாக மாறியும்விட்டது.

நூற்றாண்டுகள் போகப் போக இந்தச் சொற்களிலிருந்து இறந்தகால வாசனை பெரும்பாலும் கரைந்துவிட்டது. "குட்" என்பது "சின்ன வயதில் எனக்கு நீந்தத் தெரியும்" என்பது போன்ற சில வாக்கியங்களில் அதை இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. மற்றபடி "யூ ஷுட் கோ" என்றால் இனிமேல் போக வேண்டும் என்றுதான் பொருள். அப்படியானால் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி எப்படிச் சொல்வது? "ஷுட்" ஏற்கெனவே இறந்தகால வடிவம், அதற்கு மேல் அதை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? அங்கேதான் "ஹேவ்" வந்து கைகொடுத்தது. "ஹேவ்" சேர்ந்து, அதன் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் நின்றால், காலம் பின்னால் நகர்ந்துவிடும். "யூ ஷுட் ஹேவ் கான்" என்றால் நீ போயிருக்க வேண்டும், ஆனால் போகவில்லை.

அதாவது அந்த "அவ்" ஒலிதான் வாக்கியத்தின் காலத்தையே சுமக்கிறது. "ஆஃப்" ஒரு முன்னிடைச்சொல். அதற்கு அந்த வலு இல்லை. அதன் பின்னால் பெயர்ச்சொல் வரலாம், அல்லது "கோயிங்" போன்ற வடிவம் வரலாம். "கான்" வர வழியே இல்லை. "ஹேவ்" இருப்பதால்தான் அங்கே "கான்" வந்து நிற்கிறது. "ஷுட் ஹேவ் வென்ட்" என்று எழுதுவது தவறாவதும் இதனால்தான். "ஹேவ்" கேட்பது மூன்றாம் வடிவத்தை, இரண்டாம் வடிவத்தை அல்ல.

இன்னொரு அதிசயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் "குட்" என்று எழுதும்போது நடுவில் வரும் எல் என்ற எழுத்தே ஒரு பழைய பிழை! "ஷுட்", "வுட்" இரண்டிலும் எல் இருப்பதற்கு நியாயம் உண்டு. "ஷல்", "வில்" என்ற மூல வினைகளில் அது இருக்கிறது, ஒரு காலத்தில் அதை உச்சரித்தும் வந்தார்கள். "கேன்" என்பதில் எல் எங்கே இருக்கிறது? கிடையாது. ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில் எல் இல்லாமல் "கூடே" என்பது போலத்தான் எழுதினார்கள். பக்கத்து வீட்டு "ஷுட்", "வுட்" இரண்டையும் பார்த்து, 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் "குட்" தானும் ஒரு எல் எழுத்தை வாங்கி வைத்துக்கொண்டது. அது நிலைத்துவிட்டது, இன்று அதை விட்டுவிட்டு எழுதினால்தான் பிழை.

ஜான் கீட்ஸ்கூட இப்படி எழுதியிருக்கிறார்!

இது கைப்பேசி தலைமுறை கொண்டுவந்த கேடு என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. 1819 செப்டம்பர் 5 அன்று எழுதிய ஒரு கடிதத்தில், "ஷுட் நாட்" என்பதற்குப் பிறகு "ஹேவ்" வர வேண்டிய இடத்தில் "ஆஃப்" என்று எழுதியவர் யார் தெரியுமா? ஆங்கிலக் கவிதையின் உச்சங்களில் ஒருவரான ஜான் கீட்ஸ்! அதே மாதம் 19-ஆம் தேதிதான் இலையுதிர் காலத்தைப் பற்றிய தன் புகழ்பெற்ற கவிதையை அவர் எழுதினார். இடையில் இரண்டே வாரம். மொழியின் ஓசையை அவ்வளவு நுட்பமாகக் கேட்ட காதுக்காரர் அவர். கடித அவசரத்தில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறார்.

இன்னும் பின்னால் போகலாம். "ஹேவ்" தேய்வது கீட்ஸுக்கும் 200 ஆண்டு முந்தைய கதை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஒபிலியா பாடும் பாட்டில் "வுட்" என்பதற்குப் பின்னால் "ஹேவ்" என்பது "ஹா" என்று சுருக்கி எழுதப்பட்டிருக்கிறது. மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் பேசும்போது அது வெறும் "அ" ஆகிவிடுகிறது. "ஹேவ்", "ஹா", "அவ்", "அ" என்று ஒரே சொல் எத்தனை வடிவம் எடுத்திருக்கிறது பாருங்கள்!

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க எழுத்தாளர் ரிங் லார்ட்னர், படிப்பு குறைந்த ஒரு பேஸ்பால் வீரர் தன் நண்பனுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு கதைத் தொடர் எழுதினார். 1916-இல் அது புத்தகமாக வந்தது. அந்த வீரர் எழுதுவதெல்லாம் "குட் ஆஃப்", "வுட் ஆஃப்" என்றுதான். வாசகர் அதைப் பார்த்த உடனே இந்த ஆள் பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாதவர் என்று புரிந்துகொள்வார். ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த பேஸ்பால் வீரர் வாயில் வருவதும் "குடவ்", ஹார்வர்டு பேராசிரியர் வாயில் வருவதும் அதே "குடவ்"! இருவர் பேச்சிலும் துளிகூட வித்தியாசம் கிடையாது. எழுத்தில் மட்டும் ஒருவர் படித்தவர், மற்றவர் படிக்காதவர். காதுக்குத் தெரியாமல் கண்ணுக்கு மட்டும் தெரியும் இந்தக் கொச்சைக்கு ஜார்ஜ் ஃபிலிப் கிராப் என்ற அமெரிக்க மொழியறிஞர் 1925-இல் "ஐ டயலெக்ட்" என்று பெயர் வைத்தார். இங்கே ஐ என்றால் கண்.

இதனால்தான் இந்தப் பிழையை வைத்து ஒருவரின் அறிவை எடைபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சரி, இது வெறும் எழுத்துப் பிழைதானா? ரிச்சர்ட் கெய்ன் என்ற மொழியியலாளர் அதையும் கேட்டார். 1997-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், சிலருடைய மனத்தில் இருப்பது தேய்ந்த "ஹேவ்" அல்ல, உண்மையான "ஆஃப்"-தான், அது வாக்கியப் பகுதிகளைப் பிணைக்கும் இணைப்புச் சொல்லாக அங்கே வேலை செய்கிறது என்று வாதிட்டார். எல்லோரும் ஏற்ற முடிவு அல்ல அது. ஆனால் ஒரு துண்டுச் சீட்டுப் பிழைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறதே! மெரியம் வெப்ஸ்டர் அகராதியிலும் "ஹேவ்" என்பதற்குப் பதிலாக வரும் இந்த "ஆஃப்" இடம்பெற்றிருக்கிறது, தரமற்ற வழக்கு என்ற முத்திரையோடு.

ஒரு சீட்டு, மூன்று வரி, மூன்று பொருள்

இங்கிலாந்தில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் இருவரை வைத்துக்கொள்வோம். கேஸ் பழுது பார்ப்பவர் வந்து, கதவு பூட்டியிருப்பதைக் கண்டு, திரும்பிப் போய்விட்டார். வேலை முடிந்து முதலில் வீடு திரும்பியவர் மற்றவருக்குச் சமையலறையில் ஒரு சீட்டு எழுதி வைக்கிறார். "த கேஸ் மேன் மஸ்ட் ஆஃப் கம் அட் டென். யூ ஷுட் ஆஃப் லெஃப்ட் த கீ நெக்ஸ்ட் டோர். ஐ குட் ஆஃப் கம் ஹோம் எர்லி."

மூன்று இடத்திலும் "ஆஃப்" நீக்கி "ஹேவ்" போட்டுவிட்டால் எழுத்துப் பிழை தீர்ந்தது. ஆனால் அந்த மூன்று வரியும் மூன்று வெவ்வேறு வேலையைச் செய்கின்றன.

முதல் வரி ஊகம். கேஸ்காரர் வந்ததை எழுதியவர் பார்க்கவில்லை. வாசலில் அவர் விட்டுப்போன அட்டையைப் பார்த்திருக்கலாம். சான்றை வைத்து, அவர் பத்து மணிக்கு வந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வருகிறார். "மஸ்ட் ஹேவ்" என்பதன் முக்கிய வேலை இதுதான்: கண்ணால் காணாததைச் சான்றால் உறுதியாகச் சொல்வது. கடந்துபோன கடமையைச் சொல்ல அது உதவாது. "நேற்று நான் போயே ஆக வேண்டியிருந்தது" என்பதற்கு "ஹேட் டு" என்றுதான் வரும்.

இரண்டாம் வரி குறை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்க வேண்டும், நீ கொடுக்கவில்லை. "ஷுட் ஹேவ்" வந்தாலே, நடக்க வேண்டியது நடக்கவில்லை என்ற செய்தி பெரும்பாலும் அதற்குள் இருக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு. "தே ஷுட் ஹேவ் ரீச்ட் பை நவ்" என்றால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே, யார் மேலும் குறை இல்லை.

மூன்றாம் வரி கைவிட்டுப்போன வாய்ப்பு. சீக்கிரம் வந்திருக்க என்னால் முடிந்திருக்கும், ஆனால் வரவில்லை. இதே "குட் ஹேவ்" வேறு இடத்தில் வெறும் சாத்தியத்தையும் சொல்லும். "யூ குட் ஹேவ் டோல்ட் மீ" என்று வந்தால் மனத்தாங்கலாகவும் மாறும். பேச்சில் குரல் அதைக் காட்டிக்கொடுக்கும். சீட்டில் குரல் கிடையாது, அதனால் சில வேளைகளில் சண்டையே வரும்.

இங்கே நம்மவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். "ஷுட் ஆஃப்" என்ற பிழை நமக்கு அதிகம் வராது, சரி. நமக்கென்று வேறு ஒரு பள்ளம் இருக்கிறது! "அவன் போயிருக்க வேண்டும்" என்று தமிழில் சொன்னால், போகாமல் விட்டுவிட்டானே என்ற குறையாகவும் கொள்ளலாம், போயிருப்பான் என்ற ஊகமாகவும் கொள்ளலாம். ஒரே வடிவத்துக்கு இரண்டு பொருள். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. குறைக்கு "ஷுட் ஹேவ்", ஊகத்துக்கு "மஸ்ட் ஹேவ்". "நீங்கள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்று குறைப்பட நினைத்து "யூ மஸ்ட் ஹேவ் டோல்ட் மீ" என்று மேலதிகாரிக்கு எழுதினால் என்ன ஆகும்? "நீங்கள் என்னிடம் சொல்லித்தான் இருப்பீர்கள், எனக்குத்தான் நினைவில்லை போலும்" என்று அவர் படித்துக்கொள்வார். பொருள் தலைகீழாகப் போய்விடும்! வருத்தமா, ஊகமா என்று எழுதும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். வருத்தம் என்றால் "மஸ்ட்" வேண்டாம்.

அதேபோல் "போயிருக்கலாம்" என்பதிலும் கவனம் தேவை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றால் "குட் ஹேவ்". போனானோ என்னவோ என்ற சந்தேகம் மட்டும்தான் என்றால் "மே ஹேவ்" அல்லது "மைட் ஹேவ்" என்று எழுதினால் குழப்பம் வராது.

வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் "மஸ்ட் ஹேவ் பாஸ்ட்" என்று படித்திருப்பீர்கள். அது ஊகம் அல்ல, நிபந்தனை. இன்ன தேதிக்குள் தேர்ச்சி பெற்று முடித்திருக்க வேண்டும் என்று இனி விண்ணப்பிக்கப்போகிறவருக்குச் சொல்வது. அங்கே "மஸ்ட்" தன் நிகழ்காலக் கட்டாயப் பொருளிலேயே நிற்கிறது.

எதிர்மறைக்குப் போனால் வியப்பு கூடுகிறது. "வந்திருக்கவே முடியாது" என்று உறுதியாக மறுக்கப் பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் "மஸ்ட்" என்பதைக் கைவிட்டு "கான்ட் ஹேவ்" அல்லது "குடன்ட் ஹேவ்" என்பதற்குத் தாவுவார்கள். அதே "குடன்ட் ஹேவ்" வைத்து "ஐ குடன்ட் ஹேவ் டன் இட் விதவுட் யூ" என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டார் என்று பொருள்! செய்திருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே, செய்ததற்கு நன்றி சொல்கிறார்.

கணினி ஏன் இதைத் தவறவிடுகிறது?

வெறும் எழுத்துச் சரிபார்ப்பான் இந்தப் பிழையைக் கண்டுகொள்ளாது, தெரியுமா? அது ஒவ்வொரு சொல்லையும் அகராதியோடு ஒப்பிடும். "ஷுட்" சரியான சொல், "ஆஃப்" சரியான சொல். சிவப்புக் கோடு போட அதற்குக் காரணமே இல்லை. இரண்டு சொல்லையும் சேர்த்துப் பார்க்கும் இலக்கணச் சரிபார்ப்பான்தான் இதைப் பிடிக்கும். அது கையில் இல்லையென்றால், ரெஜெக்ஸ் முறையில் வடிவத்தைத் தேடும் வசதியுள்ள எழுதுமென்பொருளில் இதைத் தேடலாம்:

```
\b(should|could|would|must|might) of\b
```

கிடைக்கும் இடங்களை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள்! "குட் ஆஃப் கோர்ஸ்" என்ற வரிசை முற்றிலும் சரியானது. அங்கே "ஆஃப் கோர்ஸ்" என்பது "நிச்சயமாக" என்று இடையில் நுழைந்த தனித்தொடர். "மஸ்ட் ஆஃப் நெசெஸிட்டி" என்பதும் பழைய, நல்ல ஆங்கிலம். தவிர்க்க முடியாத தேவையால் என்பது அதன் பொருள். "ஆஃப்" என்பதற்குப் பின்னால் வருவது பெயர்ச்சொல்லா, வினையின் மூன்றாம் வடிவமா என்று பாருங்கள். மூன்றாம் வடிவம் என்றால் பிழை உறுதி.

தேடும் வசதி இல்லாமல் கையால் எழுதும்போது இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. "ஷுட்" என்பதை நீக்கிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். "யூ ஹேவ் லெஃப்ட் த கீ" என்று வந்தால் வாக்கியம் நிற்கிறது. "யூ ஆஃப் லெஃப்ட் த கீ" என்று வந்தால் நிற்கவில்லை. வாக்கியத்தைக் கேள்வியாக்கினாலும் உண்மை வெளியே வந்துவிடும். "ஷுட் யூ ஹேவ் லெஃப்ட் த கீ?" என்று கேட்கும்போது நடுவில் "யூ" வந்து இரண்டையும் பிரித்துவிடுவதால், அங்கே இருப்பது "ஹேவ்" என்று காதுக்கே பிடிபடும்.

பேச்சு நடையிலேயே எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு மேல்குறி போட்ட வடிவம் ஒன்று எப்போதோ தயாராக இருக்கிறது. "ஷுட்" என்பதோடு வீ, ஈ என்ற இரண்டு எழுத்தை மேல்குறியால் ஒட்டினால் போதும். ஒலி அதே "ஷுடவ்", இலக்கணமும் சரி. சீட்டிலும் குறுஞ்செய்தியிலும் அதைத் தாராளமாக எழுதலாம். விண்ணப்பம், தேர்வுத்தாள், அலுவலகக் கடிதம் என்றால் "ஹேவ்" என்று முழுதாக எழுதுங்கள். வெளிநாட்டில் வளரும் உங்கள் வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தை முதலில் காதால் கற்கிறது என்றால், ஒருநாள் "ஷுட் ஆஃப்" என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கலாம். திட்டாதீர்கள். "ஷுட்" என்பதை எடுத்துவிட்டுப் படித்துப் பார் என்று மட்டும் சொல்லுங்கள்.